இழந்த ஞாயிறும் இரட்டைச் சம்பளமும்

2025-ஆம் ஆண்டு விஜயதசமி அக்டோபர் 2 அன்று வந்தது. காந்தி ஜெயந்தியும் அதே நாள்தான். மைசூரில் அன்று ஜம்பு சவாரி. செப்டம்பர் 22-இல் தொடங்கிய தசராவின் கடைசி நாள். அம்பாவிலாஸ் அரண்மனையிலிருந்து பன்னிமண்டபம் வரை சாலையின் இருபுறமும் கூட்டம் நின்றது. அந்தக் கூட்டத்துக்குச் சோறு போட்டவர்கள், அறை கூட்டியவர்கள், பேருந்து ஓட்டியவர்கள், வாசலில் காவல் நின்றவர்கள் எல்லோருக்கும் அது வேலை நாள். ஊருக்கு விடுமுறை என்றால் இவர்களுக்கு ஆண்டிலேயே அதிக வேலை. செவ்வாய்க்கிழமைதோறும் மூடியிருக்கும் சாமராஜேந்திர உயிரியல் பூங்காகூட தசரா நாட்களில் செவ்வாயன்றும் திறந்திருப்பது வழக்கம்.

அடுத்த சம்பளத் தேதியில் மைசூரின் பல பணியிடங்களில் ஒரே வாக்குவாதம் நடக்கும். “ஞாயிற்றுக்கிழமை வந்தேன், டபுள் வரலையே” என்பார் தொழிலாளி. “அதான் கம்ப் ஆஃப் குடுத்தாச்சே” என்பார் அலுவலகத்துக்காரர். இருவரில் யார் சரி என்பதற்குப் பொதுவான பதில் கிடையாது. அவர் வேலை செய்தது வார ஓய்வு நாளிலா, தேசிய விடுமுறை நாளிலா, இடம் தொழிற்சாலையா, ஓட்டலா, பேருந்தா என்பதைப் பொறுத்துப் பதில் மாறும். இந்த வேறுபாடுகளை ஒரே “டபுள்” என்ற சொல்லுக்குள் அடைத்துவிடுவதால்தான் தொழிலாளிக்கு வரவேண்டியது கைநழுவிப் போகிறது என்று நினைக்கிறேன். வாரத்துக்கு ஒரு நாள் ஓய்வு என்பது ஓர் உரிமை. பண்டிகைக்குச் சம்பளத்துடன் விடுமுறை என்பது இன்னோர் உரிமை. இரண்டும் வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு சட்டத்தில் பிறந்தவை. ஒன்றைக் கொடுத்து மற்றொன்றின் கணக்கை முடிக்க முடியாது.

வார ஓய்வு பழையது. பம்பாய் ஆலைத் தொழிலாளர்களுக்காக நாராயண் மேகாஜி லோகாண்டே நடத்திய நீண்ட போராட்டத்தின் பயனாக 1890 ஜூன் மாதம் அங்கே ஞாயிறு விடுமுறை ஏற்கப்பட்டது. மறு ஆண்டு வந்த தொழிற்சாலைச் சட்டம் அதை எழுத்தில் கொண்டுவந்தது. தொழில் துறையில் வார ஓய்வுக்கான பன்னாட்டு உடன்படிக்கை 1921-இல் ஜெனீவாவில் உருவானபோது இந்தியா இரண்டே ஆண்டுகளில் அதில் இணைந்தது. ஓய்வு நாள் கூலி உயர்வாகக் கேட்கப்படவில்லை, ஓய்வாகவே கேட்கப்பட்டது. அந்தப் பிறப்புக் குறி, 2025 தசராவின்போது நடப்பில் இருந்த 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் வாசகத்தில் அப்படியே இருந்தது.

அந்தச் சட்டத்தின் 52-ஆம் பிரிவைப் படித்தவர்கள் முதலில் வியப்பது, அதில் ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு இரட்டைச் சம்பளம் என்ற பேச்சே இல்லை என்பதுதான். அது சொன்னது இவ்வளவே. வாரத்தின் முதல் நாளான ஞாயிறன்று வேலை வாங்கக் கூடாது. வாங்கியே தீரவேண்டுமானால், அந்த ஞாயிற்றுக்கு முந்திய மூன்று நாட்களிலோ பிந்திய மூன்று நாட்களிலோ ஒரு முழு நாள் விடுமுறை தரவேண்டும். அதற்கான அறிவிப்பை முன்கூட்டியே ஆய்வாளர் அலுவலகத்தில் கொடுத்து, ஆலையிலும் ஒட்டவேண்டும். எப்படி மாற்றினாலும் யாரும் இடையில் ஒரு முழு நாள் ஓய்வின்றிப் பத்து நாளுக்கு மேல் தொடர்ந்து உழைக்கக் கூடாது. ஆகவே மாற்று விடுமுறை தராமல் “டபுள் போட்டுவிட்டேன்” என்று சொல்லும் முதலாளி சட்டப்படி நடந்தவர் ஆகமாட்டார். ஞாயிற்றை விலைக்கு வாங்க அந்தப் பிரிவு வழி வைக்கவில்லை.

அடுத்த பிரிவான 53 வேறு நிலைமைக்கானது. நிறுத்த முடியாத உலை, அவசரப் பழுதுபார்ப்பு போன்ற காரணங்களுக்காக அரசே ஓர் ஆலைக்கோ சில தொழிலாளர்களுக்கோ 52-இலிருந்து விலக்கு அளித்திருக்கலாம். அப்படி விலக்கின் பேரில் இழந்த ஓய்வு நாட்களுக்கு, அதே எண்ணிக்கையில் ஈட்டு விடுமுறை தரவேண்டும். அந்த மாதத்துக்குள் தரலாம். தவறினால் அடுத்த இரண்டு மாதங்களுக்குள் தந்தே ஆகவேண்டும். பணியிடங்களில் இரண்டையும் ஒன்றாக்கி “கம்ப் ஆஃப்” என்றே சொல்கிறார்கள். இதனால் நடைமுறையில் பெரிய நஷ்டம் உண்டு. விலக்கு பெறாத சாதாரண ஆலைக்கு மூன்று நாள் வட்டம்தான் பொருந்தியது. அங்கே “இரண்டு மாசத்துல எடுத்துக்கோ” என்பது சட்டத்தில் இல்லாத சலுகையை முதலாளி தனக்கே எடுத்துக்கொள்வது.

இரட்டைச் சம்பளம் தொழிற்சாலைச் சட்டத்தில் வந்தது 59-ஆம் பிரிவில். அது மணிக்கணக்கு. நாளொன்றுக்கு ஒன்பது மணி நேரத்துக்கு மேலோ, வாரத்துக்கு 48 மணி நேரத்துக்கு மேலோ உழைத்தால், மேற்பட்ட மணிகளுக்கு இரு மடங்கு. ஆறு நாள் எட்டு மணி நேரம் உழைத்தவர் ஏழாம் நாளும் வந்தால் அந்த எட்டு மணியும் 48-ஐத் தாண்டுகிறது; அதனால் அது இரட்டைச் சம்பளமாகிறது. ஞாயிறு என்பதற்காக வருவதல்ல அந்தப் பணம். 49-ஆவது மணி என்பதற்காக வருவது. பணம் வந்துவிட்டதால் ஓய்வு நாள் கடன் தீர்ந்ததாகவும் ஆகாது.

தேசிய, பண்டிகை விடுமுறைக்கு வேறு சட்டம். மாநிலம் மைசூர் என்ற பெயரிலேயே இருந்த 1963-இல் இயற்றப்பட்டது அது. 1973-இல் மாநிலத்தின் பெயர் மாறியபின் கர்நாடகத் தொழில் நிறுவனங்கள் தேசிய, பண்டிகை விடுமுறைச் சட்டம் என்று வழங்குகிறது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, கன்னட ராஜ்யோத்ஸவமான நவம்பர் 1 ஆகிய ஐந்தும் கட்டாயம். அவற்றோடு, சட்டத்தின் அட்டவணையிலிருந்து தேர்ந்தெடுக்கும் ஐந்து பண்டிகைகள். மொத்தம் ஆண்டுக்குப் பத்து நாள், சம்பளத்துடன். தொழிற்சாலை, கடை, வணிக நிறுவனம் என்று இதன் கை நீளமானது.

அந்த நாளில் வேலைக்கு வந்தவருக்கு இந்தச் சட்டம் இரண்டு வழி வைக்கிறது. ஒன்று, அன்றைக்கு இரு மடங்கு ஊதியம். மற்றொன்று, அன்றைய ஊதியத்துடன் வேறொரு நாளில் சம்பளத்தோடு கூடிய மாற்று விடுமுறை. இரண்டில் எது என்பதைத் தேர்ந்தெடுப்பவர் தொழிலாளி. சட்டம் இந்த விருப்பத்தை அவர் கையில்தான் கொடுத்திருக்கிறது. தமிழ்நாட்டின் 1958-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் விருப்பம் தொழிலாளியுடையதே. ஆனால் நான் கேள்விப்பட்ட பணியிடங்கள் பலவற்றில் இந்தத் தேர்வை மேலாளர்தான் செய்கிறார். உற்பத்தி நெருக்கடி என்றால் பணம், ஆர்டர் குறைந்த மாதம் என்றால் கம்ப் ஆஃப். “இந்த வருஷம் நம்ம கம்பெனி பாலிசி கம்ப் ஆஃப் மட்டும்தான்” என்று சுற்றறிக்கை ஒட்டுவதும் உண்டு. சட்டம் தொழிலாளிக்கு அளித்த விருப்பத்தைச் சுற்றறிக்கையால் எடுத்துவிட முடியாது.

இனி ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஹெப்பாள் தொழிற்பேட்டையில் மாதம் ரூ.18,000 வாங்கும் ஒரு மெஷின் ஆபரேட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஆள் கற்பனை, தேதிகள் உண்மையானவை. தினம் எட்டு மணி நேரம், ஞாயிறு ஓய்வு. தசராவுக்கு முன் சரக்கு அனுப்பவேண்டும் என்று செப்டம்பர் 28 ஞாயிறன்று அவரை அழைத்தார்கள். திங்களும் செவ்வாயும் வழக்கம்போல வேலை. அக்டோபர் 1 புதன் ஆயுத பூஜை. ஆலையின் பண்டிகைப் பட்டியலில் அது உண்டு. மெஷினுக்குச் சந்தனமிட்டு வாழைக்கன்று கட்டிவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். அக்டோபர் 2 வியாழன். ஆலை ஓடாத நாளில்தான் பழுதுபார்க்க முடியும் என்று பராமரிப்பு வேலைக்கு அவரைக் கூப்பிட்டார்கள். வெள்ளியும் சனியும் வேலை.

வருகைப் பதிவேட்டின் திரையில் அந்த வாரம் எப்படித் தெரியும்? ஞாயிறு வேலை, திங்கள் வேலை, செவ்வாய் வேலை. புதன் கட்டத்தில் `CO`, அதாவது ஈட்டு விடுமுறை. வியாழன் கட்டத்தில் வெறும் `P`, வந்தார் என்று மட்டும். வெள்ளி, சனி வேலை. மொத்தம் ஆறு நாள், 48 மணி நேரம். மணிக்கணக்கு 48-ஐத் தாண்டவில்லை, ஓவர்டைம் இல்லை. ஞாயிற்றுக்கு மூன்று நாளுக்குள் ஒரு முழு நாள் விடுமுறை கிடைத்துவிட்டது, கம்ப் ஆஃப் முடிந்தது. பார்வைக்குக் கறையில்லாத கணக்கு. சம்பள ஸ்லிப்பில் ரூ.18,000-க்கு மேல் ஒரு ரூபாய் இல்லை.

இந்தக் கணக்கில் இரண்டு நாட்கள் காணாமல் போயிருக்கின்றன. முதலாவது புதன்கிழமை. அன்று `PH` என்று இருக்கவேண்டிய இடத்தில் `CO` இருக்கிறது. ஆயுத பூஜை விடுமுறை அவருக்கு 1963 சட்டப்படி எப்படியும் வரவேண்டியது. ஞாயிறு வேலைக்கு வராதிருந்தாலும் அன்று அவர் வீட்டில்தான் இருந்திருப்பார். அதைக் கொண்டு ஞாயிற்றின் கடனை அடைத்தால் இரண்டில் ஒன்று அழிகிறது. 52-ஆம் பிரிவின் எழுத்தை மட்டும் பிடித்துக்கொண்டால் மேலாளர் வாதிட இடம் உண்டு என்பதையும் சொல்லவேண்டும். மூன்று நாளுக்குள் முழு நாள் விடுமுறை என்றுதான் அது கேட்கிறது. அது எந்த வகை விடுமுறை என்று கேட்கவில்லை. ஆனால் இரண்டு சட்டங்களையும் சேர்த்து வாசித்தால், ஒவ்வொன்றும் தனித்தனியே கொடுத்ததை மற்றொன்றின் பேரில் கழிப்பது இரண்டின் நோக்கத்தையும் உடைக்கிறது. ஞாயிற்றுக்கு உரிய மாற்று நாள் 25, 26, 27 அல்லது 29, 30 தேதிகளில் ஒன்றாக இருந்திருக்கவேண்டும். செவ்வாயன்று விட்டிருந்தால் பிரச்சினையே இல்லை. அப்போது ஞாயிற்றுக்குத் தனியே இரட்டைச் சம்பளமும் கேட்க முடியாது. ஒரு நாளுக்குப் பதில் ஒரு நாள், மாதச் சம்பளம் மாறாது.

இரண்டாவது வியாழக்கிழமை. `P` என்ற ஓர் எழுத்தில் தேசிய விடுமுறை கரைந்துவிட்டது. அன்றைக்கு அவருக்கு இரு மடங்கு அல்லது மாற்று விடுமுறை வரவேண்டும். எது வேண்டும் என்று அவரிடம் கேட்டிருக்கவேண்டும். இரு மடங்கு என்றால் மாதச் சம்பளத்துக்கு மேல் இரண்டு நாள் கூலி என்று பலர் நினைக்கிறார்கள். மாதச் சம்பளத்துக்குள் அந்த விடுமுறை நாளின் ஊதியம் ஏற்கெனவே அடங்கியிருக்கிறது. எனவே மேற்கொண்டு வரவேண்டியது ஒரு நாள் ஊதியம். வேலைக்கு வராதவரும் அந்த நாளுக்கு ஒரு பங்கு வாங்குகிறார். வந்தவர் இரண்டு பங்கு வாங்குகிறார்.

இன்னொன்றையும் எண்ணிப் பார்க்கலாம். முந்திய ஓய்வு நாள் செப்டம்பர் 21. அதன்பின் 22 முதல் 30 வரை அவர் ஒன்பது நாள் தொடர்ந்து உழைத்திருக்கிறார். ஆயுத பூஜையன்றும் அழைத்திருந்தால் பத்து. வியாழன் பதினொன்று ஆகிச் சட்டத்தின் எல்லையைத் தாண்டியிருக்கும். ஆய்வாளர் முதலில் பார்க்கவேண்டிய இடம் இதுதான் என்பேன். பணக் கணக்கை எப்படி வேண்டுமானாலும் எழுதலாம். தொடர்ந்து வந்த நாட்களை மறைப்பது கடினம்.

2025-இல் விஜயதசமியும் காந்தி ஜெயந்தியும் ஒரே நாளில் விழுந்ததில் இன்னொரு நுட்பம் ஒளிந்திருக்கிறது. அக்டோபர் 2 கட்டாய ஐந்தில் ஒன்று. சட்டம் அதற்கு மேல் “வேறு ஐந்து” பண்டிகை நாட்களைக் கேட்கிறது. அந்த ஐந்தில் விஜயதசமியையும் சேர்த்துப் பட்டியல் போட்டால், தொழிலாளிக்குக் கிடைப்பது பத்து நாளல்ல, ஒன்பது. என் வாசிப்பில், அந்த ஆண்டு விஜயதசமிக்குப் பதில் அட்டவணையிலுள்ள வேறொரு பண்டிகையைத் தேர்ந்திருக்கவேண்டும். விடுமுறை ஞாயிறோடு மோதும்போது நிலைமை வேறு. 2025-இன் குடியரசு தினம் ஞாயிறு. 2026-இன் கன்னட ராஜ்யோத்ஸவமும் ஞாயிறுதான். அதற்குப் பதில் திங்கள் தரவேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. சங்கம் வலுவாக உள்ள ஆலைகளில் ஒப்பந்தத்தில் எழுதி வாங்குகிறார்கள். மற்றவர்களுக்கு அது போனது போனதுதான்.

ஒரு நாள் ஊதியம் என்றால் எவ்வளவு என்பதிலும் சண்டை உண்டு. ரூ.18,000-ஐ முப்பதால் வகுத்தால் ரூ.600. இருபத்தாறால் வகுத்தால் ரூ.692. அலுவலகங்கள் வழக்கமாக முப்பதையே எடுத்துக்கொள்ளும். மாதச் சம்பளம் என்பது நான்கு ஓய்வு நாட்கள் போக இருபத்தாறு வேலை நாட்களில் ஈட்டியது என்பதுதான் எதிர்வாதம். பணிக்கொடை வழக்குகளில் உச்ச நீதிமன்றம் 1980-இல் திக்விஜய் உல்லன் மில்ஸ் வழக்கிலும், 1984-இல் ஜீவன்லால் வழக்கிலும் இருபத்தாறையே ஏற்றது. பின்னர் பணிக்கொடைச் சட்டத்திலேயே அது எழுதப்பட்டது. விடுமுறை ஊதியத்துக்கு அந்தத் தீர்ப்புகள் நேரடியாகக் கட்டுப்படுத்தாவிட்டாலும், அவற்றின் தர்க்கம் இங்கும் அப்படியே பொருந்துகிறது. ஒரு நாளைக்கு 92 ரூபாய் வித்தியாசம் சிறியதாகத் தோன்றலாம். முந்நூறு பேர் வேலை செய்யும் ஆலையில் ஒரே ஒரு பண்டிகை நாளுக்கு அது 27,000 ரூபாயைத் தாண்டும்.

தொழிற்சாலை வாசலைத் தாண்டி ஓட்டலுக்குப் போனால் விதி மாறுகிறது. தசரா வாரத்தில் வார ஓய்வு ரத்து என்பது மைசூர் ஓட்டல்களில் எழுதப்படாத ஏற்பாடு. செவ்வாய்க்கிழமை ஆஃப் உள்ள ஒரு சர்வர் செப்டம்பர் 30 அன்று வேலை செய்தார், அதற்குப் பதில் அக்டோபர் 3 அன்று ஓய்வு கொடுத்தார்கள் என்று கொள்வோம். 1948-ஆம் ஆண்டுக் குறைந்தபட்ச ஊதியச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு, ஓய்வு நாளில் செய்த வேலைக்கு ஓவர்டைம் விகிதத்துக்குக் குறையாமல் தரவேண்டும் என்று அரசு விதி செய்ய வழிவிட்டது. 1950-ஆம் ஆண்டு மத்திய விதிகள் அதை இப்படி விரித்தன: வேலை செய்த ஓய்வு நாளுக்கு ஓவர்டைம் விகிதம், மாற்றாகக் கொடுத்த ஓய்வு நாளுக்கும் வழக்கமான ஊதியம். அந்த அளவுகோலில் 30-ஆம் தேதிக்கு இரண்டு பங்கு, அக்டோபர் 3-க்கு ஒரு பங்கு, ஆக மூன்று. மாற்று ஓய்வு கொடுத்தபிறகும் இரட்டை ஊதியம் உண்டு. தொழிற்சாலைச் சட்டத்தில் மாற்று ஓய்வு கிடைத்தால் ஞாயிற்றுக்குத் தனியே இரட்டைச் சம்பளம் இல்லை. இங்கே இரண்டும் சேர்ந்தே வந்தன. மிகக் குறைந்த கூலிக்காரரிடம் முதலாளி ஓய்வு நாளை மலிவாக வாங்கிவிடக் கூடாது என்பதே இதன் காரணம்.

ஆனால் இதற்கு ஒரு வேலி உண்டு. 1998-இல் ஹட்டா நகராட்சி வழக்கில் உச்ச நீதிமன்றம், அந்தச் சட்டத்தின் ஓவர்டைம் பிரிவு குறைந்தபட்ச ஊதியம் வாங்குபவர்களுக்குத்தான் என்றது. அரசு நிர்ணயித்ததைவிடச் சற்று அதிகமாக வாங்கும் சர்வர் இந்தக் கதவைத் தட்டினால் திறக்காமல் போகலாம். அவருக்கு 1961-ஆம் ஆண்டுக் கர்நாடகக் கடைகள் மற்றும் வணிக நிறுவனங்கள் சட்டம் இருக்கிறது. அது வாரத்துக்கு ஒரு முழு நாள் ஓய்வையும், நாளுக்கு ஒன்பது, வாரத்துக்கு 48 மணி நேரத்துக்கு மேற்பட்ட வேலைக்கு இரு மடங்கையும் தருகிறது. பத்துப் பேரோ அதற்கு மேலோ உள்ள கடைகள் இருபத்து நான்கு மணி நேரமும் திறந்திருக்கலாம் என்று 2021-இல் கர்நாடக அரசு அனுமதித்தபோதும், ஒவ்வொருவருக்கும் சுழற்சி முறையில் வார ஓய்வு தரவேண்டும் என்பதை நிபந்தனையாக வைத்தது. கடைக்கு விடுமுறை வேண்டாம், ஆளுக்கு வேண்டும் என்பது அதன் பொருள். கடை முழுவதும் ஒரு நாள் மூடியிருந்த காலத்தில் ஓய்வு தானாகவே கிடைத்தது. சுழற்சி வந்தபின் அது டூட்டி சார்ட் போடுபவரின் பேனாவைப் பொறுத்ததாகிவிட்டது.

பேருந்துக்காரர்களுக்கு 1961-ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் இன்னும் தெளிவாக இருந்தது. சேவை தடைபடாதிருக்க ஓய்வு நாளில் அழைக்கலாம். ஆனால் பத்து நாளுக்கு மேல் தொடரக் கூடாது. அந்த நாளுக்கு இரு மடங்கு ஊதியம். அரசு விலக்கு அளித்து ஓய்வு பறிபோயிருந்தால் ஈட்டு நாள். தசரா சிறப்புப் பேருந்து ஓட்டுபவரின் கண்ணயர்வு பயணிகளின் உயிரைத் தொடும் என்பதால்தான் ஓய்வையும் பணத்தையும் இவ்வளவு துல்லியமாகப் பிரித்து எழுதினார்கள் போலும்.

எவ்வளவு பணம் கொடுத்தாலும் ஓய்வுக்கு ஈடாகாத நிலைமை ஒன்றுண்டு என்பதை நாடு 2016-இல் பார்த்தது. நவம்பர் 8 பணமதிப்பிழப்புக்குப் பின் ரூபாய் நோட்டு அச்சகங்கள் இரவு பகலாக ஓடின. ரிசர்வ் வங்கியின் நோட்டு அச்சு நிறுவனத்துக்கு இரண்டு அச்சகங்கள். ஒன்று மைசூரில், மற்றொன்று மேற்கு வங்கத்தின் சால்போனியில். பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட்டால் ஊழியர்கள் நோய்வாய்ப்படுகிறார்கள், ஒன்பது மணி நேரத்துக்கு மேல் இனி இயலாது என்று அந்த டிசம்பரில் சால்போனி ஊழியர் சங்கம் வெளிப்படையாகச் சொன்னது. அவர்கள் கேட்டது கூடுதல் பணம் அல்ல.

இதுவரை பார்த்த மத்தியச் சட்டங்களின் இடத்தில் 2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் நடைமுறைக்கு வந்தன. தசராவில் விலக்கின் பேரில் செப்டம்பர் ஓய்வை இழந்தவருக்கு, ஈட்டு விடுமுறை தரவேண்டிய கடைசி நாள் நவம்பர் 30. அதாவது பழைய சட்டத்தில் தொடங்கிய கடன் புதிய சட்டத்தில் முதிர்ந்தது. நல்லவேளையாக வாசகம் மாறவில்லை. பணியிடப் பாதுகாப்புத் தொகுப்பின் 26-ஆம் பிரிவு, வாரத்துக்கு ஆறு நாளுக்கு மேல் வேலை கூடாது என்கிறது. விலக்கால் இழந்த ஓய்வுக்கு அந்த மாதமும் அடுத்த இரண்டு மாதங்களும் என்ற பழைய கெடுவையும் அப்படியே வைத்திருக்கிறது. “முப்பது நாளில் எடுக்காவிட்டால் கம்ப் ஆஃப் காலாவதி” என்று எழுதும் நிறுவனங்கள் இதைக் கவனிக்கவேண்டும். தரவேண்டிய கடமை முதலாளிக்கு. கெடு அவருக்குத்தான் வைக்கப்பட்டது. அவர் தராததால் தொழிலாளியின் நாள் காலாவதியாகாது. மாநிலத்தின் 1963 சட்டத்தைத் தொகுப்புகள் ரத்து செய்யவில்லை. அதனால் பத்து விடுமுறையும் தொழிலாளியின் விருப்பமும் தொடர்கின்றன.

ஆனால் ஒரு மாற்றம் பையில் கை வைக்கிறது. பழைய 59-ஆம் பிரிவில் இரட்டைக்கு அடிப்படை “சாதாரண ஊதியம்”. அடிப்படைச் சம்பளத்தோடு, அந்த நேரத்தில் உரிய படிகளும் அதில் சேரும். போனஸும் ஓவர்டைமும் மட்டும் சேராது. புதிய தொகுப்பில் “ஊதியம்” என்பது அடிப்படைச் சம்பளம், அகவிலைப்படி, தக்கவைப்புப் படி ஆகியவைதான். வீட்டு வாடகைப்படி, போக்குவரத்துப்படி போன்றவை வெளியே; அவை மொத்தத்தில் பாதியைத் தாண்டினால் மட்டும் தாண்டிய பகுதி உள்ளே வரும். நம் ஆபரேட்டரின் ரூ.18,000-இல் அடிப்படையும் அகவிலைப்படியும் ரூ.10,000, மற்றப் படிகள் ரூ.8,000 என்றால், படிகள் பாதியைத் தாண்டவில்லை. மாதத்துக்கு 208 மணி நேரம் என்று கொண்டால், எட்டு மணி நேர இரட்டை ஊதியம் பழைய கணக்கில் ரூ.1,385, புதிய கணக்கில் ரூ.769. “இரு மடங்கு” என்ற சொல் அப்படியே இருக்கிறது, தொகை ஏறக்குறைய பாதியாகிறது. இரட்டிப்பு இல்லாமல் எட்டு மணி நேரத்துக்கு முழுச் சம்பளக் கணக்கில் வருவதே ரூ.692. ஆக, இரட்டை என்று பெயர் இருந்தும் ஒரு நாள் சம்பளத்தைவிட 77 ரூபாய்தான் கூடுதல். விடுமுறையில் வேலை வாங்குவதை விலையுயர்ந்ததாக்கி, அதன்மூலம் அதைக் குறைப்பதுதான் இரு மடங்கின் நோக்கம். அந்த விலை இறங்கினால் ஆளைக் கூப்பிடத் தயக்கமும் இறங்கும். சங்கங்கள் ஊதிய ஒப்பந்தம் பேசும்போது படிகளை உயர்த்துவதைவிட அடிப்படையை உயர்த்தக் கேட்பதற்கு இதைவிட நல்ல காரணம் இல்லை.

புதிய ஊதியத் தொகுப்பு ஒரு விஷயத்தில் தொழிலாளியின் பக்கம் நகர்ந்திருக்கிறது. குறைந்தபட்ச ஊதியச் சட்டத்தில் கேட்புக்கு ஆறு மாதம்தான் கெடு; இப்போது மூன்று ஆண்டு. தீர்ப்பு சொல்லும் அதிகாரி, தரவேண்டிய தொகைக்கு மேல் பத்து மடங்கு வரை ஈட்டுத்தொகையும் விதிக்கலாம். ஊதியம் கொடுத்தேன் என்று நிரூபிக்கும் சுமை இந்தத் தொகுப்பின் 59-ஆம் பிரிவின்படி முதலாளிக்கு. எனவே தொழிலாளி செய்யவேண்டியது பெரிய வழக்காடல் அல்ல. வந்த தேதிகளைத் தன் கையில் எழுதி வைத்துக்கொள்வது. திரையில் அல்லது பதிவேட்டில் அந்தத் தேதிக்கு எதிரே என்ன எழுத்து இருக்கிறது என்று மாதக் கடைசியில் பார்ப்பது. `PH` இருக்கவேண்டிய இடத்தில் `CO` இருந்தால் அந்தப் பக்கத்தைப் படமெடுத்து வைப்பது. தேசிய விடுமுறையில் வேலைக்கு அழைத்தால் தன் விருப்பம் பணமா நாளா என்று அன்றே எழுத்தில் கொடுத்து நகலில் கையொப்பம் வாங்குவது. மைசூரில் கடைக்காரரும் ஓட்டல்காரரும் போகவேண்டியது தொழிலாளர் துறை அலுவலகத்துக்கு. ஆலைத் தொழிலாளியின் ஓய்வு நாள் புகார் போகவேண்டியது தொழிற்சாலைகள், கொதிகலன்கள் துறைக்கு. ஊதியக் கேட்பு மனு இரண்டு பேருக்கும் தொழிலாளர் துறை வழியாகத்தான். மனுவில் “டபுள் வரவில்லை” என்று ஒரே வரியில் எழுதாமல், செப்டம்பர் 28-க்கு மாற்று ஓய்வு என்றும், அக்டோபர் 2-க்கு இரட்டை ஊதியம் என்றும், தேதிவாரியாகத் தனித்தனியே கேட்கவேண்டும்.